மணி அடித்தால் பாடம் வந்துவிடுமா?

கிராமங்களில் பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுகின்றார்கள். ஒரு பையன் நாலு நாளில் குடுக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நீந்துகின்றான். மற்றொருவனுக்குப் பத்து நாள் ஆகின்றது. வேறொருவனுக்கு ஒரு மாதம் ஆகின்றது. ஆனால் பத்தாம் நாள் மாலையில் ஒருவர் கிணற்று மேட்டில் நின்று மணி அடித்து, "நீச்சல் காலம் முடிந்துவிட்டது, நீ 100-க்கு 35 பங்கு நீந்துகின்றாய், ஆகையால் தேறிவிட்டாய், நாளை முதல் ஆற்றில் இறங்கு" என்று சொல்லி, பையனின் குடுக்கையை அறுத்துவிடுவதை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம். அப்படிச் செய்கின்றவனை ஊரார் என்ன செய்வார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே காரியத்தைப் பள்ளிக்கூடம் என்கின்ற கட்டடத்திற்குள் செய்தால் அதற்குக் கல்வி என்று பெயர்! பின்னக் கணக்கிற்கு இரண்டு வாரம் என்று திட்டம் போட்டாகிவிட்டது. இரண்டு வாரம் ஆனவுடன், வந்தவனுக்கும் வராதவனுக்கும் சேர்த்துத் தசமக் கணக்கு ஆரம்பமாகிவிடுகின்றது. வருஷக் கடைசியில் பரீட்சை. 35 வாங்கினவன் தேறினவன். அவனுக்கு மீதி 65 பங்கு தெரியாது என்பதை அந்தக் காகிதமே சொல்லுகின்றது. அப்படியிருந்தும், அந்த 65-இன் மேலேயே அடுத்த வருஷத்துச் சுவரை எழுப்புகின்றார்கள். சுவர் விழுந்தால் "பையனுக்கு மூளை இல்லை" என்கின்றார்கள். அஸ்திவாரம் போடாமல் விட்ட கொத்தனாரை யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் நாம் வாசகர்களை ஒரு விஷயம் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று காலம், மற்றொன்று தேர்ச்சி. இன்றைய முறையில் காலம் எல்லோருக்கும் ஒன்று, தேர்ச்சி ஆளுக்கு ஒன்று. இதைத் தலைகீழாகத் திருப்பி, தேர்ச்சியை எல்லோருக்கும் ஒன்றாக வைத்து, காலத்தை ஆளுக்குத் தக்கபடி விட்டால் என்ன? இதுதான் முழுத்தேர்ச்சிக் கல்வி என்று சொல்லப்படுவதன் சாரம். கேட்பதற்கு மிகவும் சாதாரணமாக இருக்கின்றது. ஆனால் மனிதர்களைப் பற்றி நாம் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பொய்யின் வேரை இது அசைத்துவிடுகின்றது.

அந்தப் பொய் என்ன? ஒருவனுக்குக் கணக்கு வரும், மற்றொருவனுக்கு வராது, அது அவனவன் பிறவி என்பதுதான். முன்பு இதைத் தலையெழுத்து என்றார்கள். இப்பொழுது பிரம்மாவுக்குப் பதிலாக உபாத்தியாயர் மார்க்குப் புத்தகத்தில் எழுதுகின்றார். எழுதுகின்ற கை மாறியதே தவிர, எழுத்து மாறவில்லை.

இதை அசைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்த ஜான் கரோல் என்னும் மனோதத்துவ ஆசிரியர். அந்நிய பாஷை கற்கும் திறமையை அளப்பதற்குப் பரீட்சைகள் செய்துகொண்டிருந்தவர் அவர். அந்த வேலையிலிருந்து பிறந்த யோசனையை 1963-ஆம் வருஷம் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். திறமை என்பது ஒருவன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டும் எல்லைக்கல் அல்ல, ஒரு காரியத்தைக் கற்க அவனுக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதுதான் திறமை என்றார். ஆகவே ஒருவன் எவ்வளவு கற்றான் என்பது, அவன் செலவழித்த காலத்தை அவனுக்கு வேண்டிய காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய கணக்காகிவிடுகின்றது. பத்து மணி வேண்டியவனுக்கு ஐந்து மணி கொடுத்தால் அரைகுறையாகத்தான் வரும். அது மூளையின் குறையா, மணியின் குறையா?

இன்னொன்றையும் கரோல் சொன்னார். அதைத்தான் நாம் மிகவும் முக்கியமாகக் கருதுகின்றோம். வேண்டிய காலம் என்பது பிள்ளையின் தலைக்குள் மாத்திரம் இருப்பதல்ல. சொல்லிக்கொடுப்பது மோசமாக இருந்தால் வேண்டிய காலம் கூடிவிடும். உபாத்தியாயர் பேசுகின்ற பேச்சே பிள்ளைக்கு விளங்காவிட்டால் இன்னும் கூடிவிடும். வீட்டிலே புத்தகத்தின் பாஷை பேசுகின்ற பிள்ளைக்கு மூன்று மணியில் வருகின்ற பாடம், அந்தப் பாஷையைப் பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாகக் கேட்கின்ற பிள்ளைக்கு ஆறு மணியில் வருமானால், அதிகப்படியான அந்த மூன்று மணியை எந்தக் கணக்கில் எழுதுவது? பிள்ளையின் பிறவிக் கணக்கிலா? எல்லோருக்கும் ஒரே மூளை என்று கரோல் சொல்லிவிடவில்லை. காலத்தில் வித்தியாசம் உண்டு என்றுதான் சொன்னார். ஆனால் "இவனுக்கு வராது" என்பதற்கும் "இவனுக்கு இன்னும் நாலு நாள் வேண்டும்" என்பதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

நிற்க. இது வெறும் கட்டுரையில் மாத்திரம் இருந்த சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கரோல் எழுதுவதற்கு 40 வருஷங்களுக்கு முன்பே சிகாகோவை அடுத்த வின்னெட்கா என்னும் சிற்றூரில் இது நடந்தது. 1919 முதல் 1943 வரை அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களின் மேலதிகாரியாக இருந்த கார்ல்டன் வாஷ்பர்ன் என்பவர், கணக்கு, வாசிப்பு, எழுத்து முதலிய அடிப்படைப் பாடங்களை எல்லாம் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியைத் தானே படித்து, விடைத்தாளைப் பார்த்துத் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டு, தயாரானபின் உபாத்தியாயரிடம் பரீட்சை கேட்கும். தேறினால் அடுத்த படி. தேறாவிட்டால் அதே படியில் இன்னும் கொஞ்ச நாள். ஒரே பிள்ளை வாசிப்பில் ஐந்தாம் வகுப்பிலும் கணக்கில் நான்காம் வகுப்பிலும் இருக்கலாம். ஒரு வருஷம் முழுவதையும் மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும் என்கின்ற தண்டனையே கிடையாது. தினமும் ஒரு பாகம் நேரம் பாட்டு, நாடகம், கைத்தொழில், கூட்டுவேலை ஆகியவற்றுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவற்றுக்குப் பரீட்சை இல்லை. வின்னெட்கா பணக்காரர்கள் வசிக்கும் ஊர் என்பதையும் நாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

ஏழை ஊரில், ஒரே அறையில், 40 பிள்ளைகளோடு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வழி சொன்னவர் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் புளூம். கரோலின் யோசனையை எடுத்துக்கொண்டு 1968-இல் அவர் ஒரு முறையை வகுத்தார். 100-க்கு 5 பேர் அசாதாரண சாமர்த்தியசாலிகளாக இருக்கலாம், மற்றொரு 5 பேர் விசேஷ உதவி வேண்டியவர்களாக இருக்கலாம், நடுவில் இருக்கும் 90 பேருக்கும் வேண்டியது காலமும் சரியான உதவியுமே என்பது அவருடைய அபிப்பிராயம். பரீட்சை முடிவில் கொஞ்சம் பேர் மேலே, கொஞ்சம் பேர் கீழே, பெரும்பாலோர் நடுவிலே என்று மணியைக் கவிழ்த்தாற்போல வருவதை உபாத்தியாயர்கள் இயற்கை விதி என்று கொண்டாடுகின்றார்களே, அதையும் அவர் விடவில்லை. அந்த உருவம் தற்செயலாக நடக்கும் காரியங்களுக்கு உரியது, கல்வியோ வேண்டுமென்று செய்கின்ற காரியம், செய்த பிறகும் முடிவு தற்செயல்போலவே இருக்குமானால் சொல்லிக்கொடுத்தது பலிக்கவில்லை என்றே பொருள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவேண்டிய வார்த்தை இது!

அந்த முறையை ஒரு வகுப்பில் வைத்துப் பார்ப்போம். பின்வரும் எண்ணிக்கைகள் விளங்குவதற்காக நாமே போட்டுக்கொண்டவை.

40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் பின்னக் கூட்டலை ஒன்பது நாள் வழக்கம்போல் நடத்துகின்றார் உபாத்தியாயர். பத்தாம் நாள் பத்துக் கணக்குகள் கொடுக்கின்றார். இதற்கு மார்க்கும் கிடையாது, தரவரிசையும் கிடையாது. யாருக்கு எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு மாத்திரமே இது. பத்துக்கு ஒன்பது சரியாகச் செய்தால் தேர்ச்சி என்று முன்னமேயே வகுத்தாகிவிட்டது. 15 பேர் தேறினார்கள், 25 பேர் தேறவில்லை. வழக்கமான பள்ளிக்கூடமாக இருந்தால் இந்த 25 பேரும் ஒரே ஜாதி, மக்கு ஜாதி. ஆனால் காகிதங்களை விரித்துப் பார்த்தால் மூன்று விதமான தவறுகள் தெரிகின்றன.

12 பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கின்றார்கள். மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டிவிட்டார்கள். 8 பேர் கீழே 6 வரவேண்டும் என்று தெரிந்துகொண்டிருக்கின்றார்கள், ஆனால் மேலே உள்ளதை மாற்றாமல் 1/6 + 1/6 = 2/6 என்று போட்டிருக்கின்றார்கள். பாக்கி 5 பேருக்கு முறை எல்லாம் சரிதான், வாய்ப்பாடுதான் தகராறு. ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள்.

இப்பொழுது சொல்லுங்கள். இந்த மூன்று கூட்டத்தாருக்கும் அதே பாடத்தை அதே வாயால், கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதுமா? வாய்ப்பாடு தெரியாத ஐந்து பேருக்குப் பின்னத்தை மறுபடி விளக்குவது, கால் முள்ளுக்குக் கண்ணில் மருந்து போடுவது ஆகும். ஆகவே உபாத்தியாயர் அடுத்த மூன்று நாளில் மூன்று விதமான காரியம் செய்கின்றார். முதல் 12 பேருக்குக் காகிதப் பட்டைகளைக் கொடுத்து ஒன்றைப் பாதியாகவும் ஒன்றை மூன்றாகவும் மடிக்கச் சொல்லுகின்றார். "அரையோடு இன்னும் ஏதோ சேர்த்தோம். விடை ஐந்தில் இரண்டு என்கின்றாயே, அது அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று கேட்கின்றார். பையன் பட்டையை வைத்துப் பார்க்கின்றான். சேர்த்தபிறகு குறைந்துவிட்டது! அந்த ஆச்சரியம் பையனுக்குத் தானாக வந்தாக வேண்டும். எட்டுப் பேருக்கு முந்திய பாடமான சமபின்னத்தையே திரும்ப எடுக்கின்றார். அரை என்பதும் ஆறில் மூன்று என்பதும் ஒன்று என்பது அவர்களுக்கு அப்பொழுதே வரவில்லை, அது இப்பொழுது வெளிப்பட்டது, அவ்வளவுதான். ஐந்து பேர் ஜோடி சேர்ந்து வாய்ப்பாடு சொல்லுகின்றார்கள். தேறிய 15 பேர் சும்மா இருப்பதில்லை. அவர்களுக்குக் கடினமான வேறு கணக்குகள் உண்டு. சிலர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கின்றார்கள்.

பிறகு இரண்டாவது பரீட்சை. அதே விஷயம், ஆனால் வேறு கணக்குகள். பழைய கணக்குகளையே கொடுத்தால் பையன்கள் விடையை உருப்போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், உபாத்தியாயரும் ஏமாந்துபோவார். இதில் இன்னும் 18 பேர் தேறினால் மொத்தம் 33. பாக்கி 7 பேருக்காக வகுப்பு முழுவதும் காத்திருப்பதில்லை. அடுத்த பாடம் தொடங்கிவிடுகின்றது, அந்த 7 பேருக்குப் பள்ளி நேரத்திற்கு வெளியே உதவி தொடர்கின்றது. புளூம் இந்த முறையைக் கையாண்ட ஒரு பாடத்தில், அதாவது பரீட்சைகளைப் பற்றிய சாஸ்திரப் பாடத்தில், 1965-இல் 100-க்கு 20 பேரே முதல்தரம் வாங்கினதாகவும், முறையைக் கைக்கொண்ட 1966-இல் அதற்கு ஒத்த பரீட்சையில் அதே தரத்தை 100-க்கு 80 பேர் அடைந்ததாகவும் எழுதியிருக்கின்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இது எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் மேளம் அடித்தால், மந்திரத் தாயத்து விற்கின்றவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஆகையால் இதற்கு விரோதமாகச் சொல்லப்படுவதையும் கேட்போம். ராபர்ட் ஸ்லாவின் என்பவர் 1987-இல், ஒரு மாதத்திற்குக் குறையாமல் வகுப்பு முழுவதற்கும் இம்முறையை நடத்திய ஆராய்ச்சிகளை மாத்திரம் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். அந்தப் பாடத்திற்கென்றே செய்த பரீட்சையில் நன்மை தெரிந்தது. வெளியார் செய்த பொதுப் பரீட்சையில் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 1990-இல் குலிக் என்பவரும் அவருடைய சகாக்களும் 108 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது நல்ல பலன் இருக்கின்றது என்றும், பின்தங்கினவர்களுக்கே அது அதிகம் என்றும் கண்டார்கள். அதே சமயத்தில், கல்லூரிகளில் காலத்தை மாணாக்கர் இஷ்டத்திற்கே விட்டுவிட்ட இடங்களில் பலர் பாடத்தை முடிக்காமலே போய்விட்டார்கள் என்பதும் அவர்கள் கண்டதுதான். காலத்தை ஆளுக்குத் தக்கபடி விடுவது வேறு, ஆளையே விட்டுவிடுவது வேறு.

சிகாகோ நகரத்தில் நடந்தது இன்னும் மோசம். இந்தப் பெயரைச் சொல்லியே நகரப் பள்ளிக்கூடங்களில் வாசிப்பைக் கற்பித்தார்கள். வாசிப்பை எண்ணிறந்த துண்டுகளாக நறுக்கி, துண்டுக்கு ஒரு காகிதம், காகிதத்திற்கு ஒரு பரீட்சை என்று வைத்தார்கள். பிள்ளைகள் துண்டு துண்டாகத் தேறிக்கொண்டே போனார்கள், ஆனால் ஒரு முழுக் கதையை எடுத்து வாசிப்பதற்கு நேரமில்லாமல் போயிற்று என்று பலமான கண்டனம் எழுந்தது. 1985-இல் அதைக் கைவிட்டார்கள். தேர்ச்சி என்று எதை வைக்கின்றோமோ அதுதான் கிடைக்கும். நறுக்கிய துண்டை வைத்தால் துண்டுதான் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபணை காலத்தைப் பற்றியதே. சென்ற மாதம் ஓர் ஊரில் ஓர் உபாத்தியாயத் தோழர் நம்மைக் கேட்டார்: "ஐயா, நீங்கள் சொல்லும் மூன்று நாளை எங்கேயிருந்து கொண்டுவருவது? வருஷத்திற்கு இத்தனை நாள் என்று சர்க்கார் எழுதிவைத்திருக்கின்றதே?" நியாயமான கேள்வி. காலம் வானத்திலிருந்து விழுவதில்லை. மந்தமானவனுக்குக் கொடுத்தால் வேகமானவனிடமிருந்து எடுக்க வேண்டும், அல்லது பாடங்களைக் குறைக்க வேண்டும், அல்லது பள்ளிக்கு வெளியே காலம் தேட வேண்டும். ஆரம்பத்தில் அதிகக் காலம் செலவழித்தால் அஸ்திவாரம் பலமாகிப் பிறகு வேண்டிய காலம் குறைந்துகொண்டே போகும் என்பது புளூமின் நம்பிக்கை. மார்ஷல் ஆர்லின் என்பவர் 1980-களில் அளந்து பார்த்து, அந்த வித்தியாசம் அவ்வளவு சுலபமாகக் கரைந்துவிடவில்லை என்றார். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அந்த உபாத்தியாயரை நாமும் ஒன்று கேட்டோம். ஆறாம் வகுப்பில் பின்னம் வராமல் தள்ளிவிட்ட பையனுக்கு ஏழிலும் எட்டிலும் ஒன்பதிலும் எத்தனை நூறு மணி விளங்காத கணக்கை நடத்துகின்றீர்களே, அந்த மணிகளுக்கு யார் கணக்கு எழுதுகின்றார்கள்? அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இப்பொழுது நம் நாட்டுச் சண்டைக்கு வருவோம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரையில் எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக்கூடாது என்றது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார், ஐந்திலும் எட்டிலும் தவறினவர்களுக்கு இரண்டு மாதத்திற்குள் மறுபரீட்சை என்றும், அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றும் விதி வெளியிட்டது. தமிழ்நாட்டு சர்க்கார் அதைத் தன் பள்ளிக்கூடங்களில் ஏற்க மாட்டோம் என்றது. அன்று முதல் நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்சியும், நிறுத்தக்கூடாது என்று ஒரு கட்சியும் கூச்சல் போடுகின்றன.

நிறுத்துவதனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றவர்கள் ஏழைப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும்தான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆகையால் நிறுத்தக்கூடாது என்கின்ற பக்கத்திலேயே நாம் நிற்கின்றோம். ஆனால் நம் பக்கத்தாரும் ஒன்றை மறைத்துப் பேசுகின்றார்கள். நிறுத்துகின்றவன் பின்னக் கூட்டல் வராத பையனுக்கு, அவனுக்கு ஏற்கெனவே வந்த தமிழையும் சரித்திரத்தையும் சேர்த்து ஒரு வருஷம் முழுவதும் திரும்பத் தலையில் கட்டுகின்றான். மூன்று நாள் வேண்டியவனுக்கு ஒரு வருஷம்! நிறுத்தாதவனோ அந்த மூன்று நாளையும் கொடுக்காமல் மேலே தள்ளுகின்றான். இரண்டு பேருக்கும் எஜமானன் காலண்டர்தான்.

அந்த இரண்டு மாதத்தைத்தான் பாருங்கள். தவறினவனுக்கு இரண்டு மாதம் விசேஷமாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று விதி எழுதினவர்களே ஒப்புக்கொள்ளுகின்றார்கள். அதை எப்பொழுது கொடுக்கின்றார்கள்? ஜூனில் முளைத்த தவறு ஏப்ரலில் மரமாகி, அதன்மேல் வேறு பத்துத் தவறுகள் கொடிபோல் படர்ந்தபிறகு! அதே இரண்டு மாதத்தை வருஷம் முழுவதும் பிரித்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை மூன்று மூன்று நாளாகக் கொடுத்தால் அத்தனை பாடங்களுக்கும் போதும். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் கொஞ்சம் குறைத்து, பத்தாம் நாள் காகிதங்களை உட்கார்ந்து படித்துப் பார்க்க உபாத்தியாயருக்கு ஒரு மாலை நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாலையையும் அவரிடமிருந்து பிடுங்கி, ஓயாமல் புள்ளிவிவரம் எழுதச் சொல்லுகின்ற அதிகாரிகள் எத்தனை பேர் என்பதை அந்தந்த ஊர் உபாத்தியாயத் தோழர்களே நமக்கு எழுதி அனுப்பினால், பெயர் போடாமல் வெளியிடுகின்றோம்.